ஒன்பது மணிப் படம்

பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவள் பஞ்சாலை. கோத்தா கினபாலுவில் டீச்சராக இருக்கும் மகள் ஷாமினியைப் பார்க்க, முதன்முறையாக விமானம் ஏற வந்திருந்தாள். ஒன்பது மணிக்கே புறப்பாட்டுப் பலகையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டாள்: பத்தரை விமானம், கேட் எட்டு, ‘ஆன் டைம்’. தோட்டத்தில் காலையில் பேர் எடுக்கும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு மர நிரையைக் காட்டினால் அன்று முழுக்க அதுதான். அந்தப் பழக்கத்தில் எட்டாம் கேட்டை விட்டு அசையவில்லை.

பத்தேகாலாகியும் அங்கே ஈ காக்கை கூட இல்லை. படத்தை மகளுக்கு அனுப்பிவிட்டு அழைத்தாள்.

“அம்மா, இது ஒம்பது மணி படம்லா! போர்டு மாறிக்கிட்டே இருக்கும். போயி இப்ப எடுத்து அனுப்புங்க.”

ஓடினாள். அதே வரியில் ‘டிலேய்ட்’, 11.40, கேட் பதினாலு.

“ரத்து பண்ணிட்டாங்களா, ஷாமி?”

“அதுக்கு ‘கேன்சல்ட்’னு போடுவாங்கம்மா. இது லேட்டு மட்டுந்தான். பதினாலுக்கு நடங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் பலகையை இனி நம்புவதாக இல்லை. பதினாலாம் கேட்டருகே இருந்த திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியாக ‘போர்டிங்’ வந்தது.

அதற்கடுத்து ஷாமினிக்கு வந்த படத்தில் பலகையே இல்லை. சன்னலுக்கு வெளியே நீளமாக ஒரு இறக்கை.