தையல் கூலி என்ற கட்டம்

என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, தாராவியில் தோல் பை தைக்கிறாள். வருஷக்கணக்காக ஒரு கான்ட்ராக்டருக்குத் தைத்தாள். தோலும் நூலும் அவர் தருவார், ஒரு பைக்குத் தொண்ணூறு ரூபாய் கூலி. அதே பை கிங்ஸ் சர்க்கிள் கடையில் என்ன விலைக்குத் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு வந்தவள், அடுத்த வாரமே அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டாள். இனி சொந்தச் சரக்கு, ஆன்லைனில் சொந்த விற்பனை. ஓடாவிட்டால் அதே ஆளிடம் போய்த் தலை குனிந்து நிற்க வேண்டும். அந்த ஒரு பயம்தான் அவளுக்கு.

நான் செம்பூர்வாசி, அலுவலகத்தில் ரிப்போர்ட் எடுக்கிறவன். விலை போட நான் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன்.

மதினி ஷீட்டில் செலவை எழுதுவாள். ஸ்கிரிப்ட் அதைப் படித்து விலையைத் துப்பும். பொருள் மீதான வரியைத் தள்ளிவிட்டால் கணக்கு எளிது. தோல், லைனிங், ஜிப் எல்லாம் முந்நூற்றுப் பத்து. தையல் கூலி தொண்ணூறு. கூரியர் எழுபது, விற்றுத் தரும் இணையதளம் ஆர்டருக்குப் பிடிக்கும் நிலையான கட்டணம் முப்பது. ஆக ஐந்நூறு. தளத்தின் கமிஷன் இருபது சதவீதம், குறைந்தபட்ச லாபம் பத்து. ஐந்நூறோடு முப்பது சதவீதத்தைக் கூட்டி அறுநூற்றைம்பது என்று போட்டேன். ஆர்டர் கொட்டியது. மதினி எனக்கு மீன் குழம்பு அனுப்பினாள், கூச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

தளம் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும் முதல் செட்டில்மென்ட் வந்ததும் வரி வரியாகப் பார்த்தேன். கமிஷனை எங்கள் செலவின் மேலா பிடிப்பார்கள்? விற்ற விலையின் மேல் பிடிக்கிறார்கள். கமிஷனும் லாபமுமாக விலையில் நூற்றுக்கு முப்பது போய் மிச்சமிருக்கும் எழுபதுதான் செலவுக்கு ஈடாக வேண்டும். கூட்டக் கூடாது, புள்ளி ஏழால் வகுக்க வேண்டும். போதாததற்குக் கூரியரும் எழுபது இல்லை, நூற்றுப் பத்து. பை முந்நூறு கிராம்தான். ஆனால் பெட்டி அடைக்கும் இடத்தையே எடையாக்கி, சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்து இரண்டு கிலோ என்று பில் போட்டிருந்தார்கள். ஒரு பைக்கு இருபது ரூபாய் நஷ்டம். படித்தவன் போட்ட கணக்கு!

பையை மடித்துச் சின்னப் பெட்டியில் அனுப்பிப் பார்த்தோம். தோலில் கோடு விழுந்து திரும்பி வந்தது.

சரியாகத் திருத்தினேன். ஐந்நூற்று நாற்பதைப் புள்ளி ஏழால் வகுத்தால் எழுநூற்று எழுபத்திரண்டு. ஒரு பிழையும் இல்லை, நாலு தரம் கையால் போட்டுப் பார்த்தேன். மறுநாளிலிருந்து ஆர்டரே இல்லை. அதே மாதிரிப் பைகளை மற்றவர்கள் அறுநூற்று நாற்பத்தொன்பதுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் வந்தால் அடிக்கும் போனை மதினி மிஷின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தைத்தாள். இரண்டு வாரம் அது வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஆட்டோ எடுத்துப் போயிருந்தான்.

"எதைத் தம்பி குறைக்கலாம்?" என்றாள்.

"கமிஷன் நம்ம கையில இல்ல மதினி. கூரியரும் இல்ல. தோல் விலையைக் குறைக்க முடியுமா?"

"அதுக்கும் கீழ போனா பிஞ்சிரும்."

"லாபத்த வேணா..."

"லாபம் இல்லாம எதுக்கு யாவாரம்?" என்றவள் திரையில் விரலை வைத்தாள். "இதுல தையல் கூலின்னு ஒண்ணு கெடக்கே. யாருக்குக் குடுக்கோம்?"

"உங்களுக்குத்தான்."

"நான்தானே தைக்கேன்? எனக்கு நானே கூலி குடுப்பேனா? எடுத்துருங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபத்தை என்ன செய்வது? அந்தக் கட்டத்தில் சைபர் போட்டேன். நானூற்றைம்பதைப் புள்ளி ஏழால் வகுத்து அறுநூற்று நாற்பத்து மூன்று என்றது ஸ்கிரிப்ட். குறைந்தபட்ச லாபம் உண்டு என்று பச்சை நிறத்தில் வேறு காட்டியது. தப்பான கணக்கில் நான் போட்ட விலையை விடவும் ஏழு ரூபாய் குறைவு.

சாயங்காலத்துக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. மதினியின் முகம் தெளிந்துவிட்டது.

"ஒண்ணுக்கு எவ்வளவு நிக்கும்?"

"அறுபத்து நாலு," என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. "மதினி, அந்தக் கான்ட்ராக்டரே தொண்ணூறு குடுத்தாரே."

அவள் தையலிலிருந்து நிமிரவில்லை. "தெரியும் தம்பி. நாளைக்கு எத்தனை அனுப்பணும்னு பாத்துச் சொல்லுங்க."

எண்ணிப் பார்த்தேன். பதினொன்று என்றேன்.