முன்வரிசையின் விலை

பள்ளி அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கும் அந்த அம்மாவுக்குப் பெற்றோர் குழு வைத்திருந்த பெயர் ‘சல்லடை’. எந்த ரசீதும் அவளிடம் கேள்விக்கு உள்ளாகாமல் தப்பாது என்பதால் வந்த பெயர். அவளும் பதிலுக்கு அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை வீட்டில் கணவரிடம் மட்டும்தான் சொல்வாள், அதுவும் கதவைச் சாத்திவிட்டு.

அவள் மேஜையின் இடது மூலையில் வெளி அனுமதிப் புத்தகம் ஒன்று கிடக்கும். அதில் தினமும் மதியம் ஒரே பெயர். ஏழாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண். பள்ளியில் எந்தக் கழிப்பறைக்குள்ளும் அவளுடைய நாற்காலி நுழையாது. அதனால் அவள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, பாதி நாளில் வீட்டுக்குப் போய்விடுவாள். தையல் வேலை பார்க்கும் அவள் அம்மா வந்து கையெழுத்துப் போடுவார். இரண்டு வருடமாக மதியப் பாடங்கள் அந்தப் பெண்ணுக்குக் கிடையாது.

சாய்தளம் போட்டு ஒரு கழிப்பறையை அகலமாக்க நாற்பதாயிரம் ஆகும் என்று கொத்தனார் சொன்னார். அதற்காகத்தான் இந்த வருடக் கலைநிகழ்ச்சி.

பெற்றோர் குழுத் தலைவர் மேஜை நாற்காலி விற்கும் பெரிய கடைக்காரர். தன் கடை சோபாவில் உட்கார்வது மாதிரியே எங்கேயும் உட்காருவார். கூட்டத்தில் அவர் பேனாவைக் கூடத் திறக்கவில்லை.

“அறுநூறு சீட்டு. டிக்கெட் ஐநூறு. மூணு லட்சம். முடிஞ்சுது.”

எல்லாரும் தலையாட்டினார்கள். தலைமையாசிரியை தலையாட்டுவதில் எப்போதும் முதல் ஆள்.

“சார், செலவே எண்பதாயிரம் வருது. அரங்கம், ஒலி, விளக்கு, உடை எல்லாம் சேர்த்து. பத்து பேர் வந்தாலும் அதே எண்பதுதான்,” என்றாள் சல்லடை. “அதனால சீட்டு நிரம்புறதுதான் முக்கியம். மேடையேறுறது நூத்தி அறுபது பிள்ளைங்க. வரப்போறதும் அவங்க வீட்டாளுங்கதான். ஐநூறுன்னா வீட்டுக்கு ஒருத்தர்தான் வருவாங்க.”

“விலை கம்மியா வச்சா நிகழ்ச்சியையும் கம்மியாத்தான் நினைப்பாங்கம்மா. இது வியாபாரம். உங்களுக்குப் புரியாது.”

“முன்னாடி நாலு வரிசை, நூத்தி இருபது சீட்டு, எப்பவும் போல இலவச பாஸ்தானா?”

“பின்ன? பெரிய மனுஷங்களைப் பின்னால உட்கார வைக்க முடியுமா?”

போன வருடம் அந்தப் பெரிய மனிதர்களில் பதினோரு பேர் வந்தார்கள். மீதி நாற்காலிகள் மேடையைப் பார்த்துக்கொண்டு காலியாகக் கிடந்தன. பின்னால் நின்றுகொண்டு பார்த்தவர்கள் காசு கொடுத்தவர்கள்.

“நஷ்டம் வந்தா, சார்?”

தலைவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டைப் பையைத் தட்டினார். “என் பாக்கெட்டுல இருந்து தரேன். போதுமா?”

கைதட்டல். சல்லடை தீர்மானப் புத்தகத்தில் அதை அப்படியே எழுதினாள். எழுதியதைப் படிக்கும் வழக்கம் தலைவருக்குக் கிடையாது. ஒரு பக்கத்தையே அடைக்கும் கையெழுத்து மட்டும் உண்டு. போட்டார்.

டிக்கெட் விற்பனை அவள் ஜன்னலில்தான். முதல் வாரத்தில் ஒரு தாய் வந்து ஐநூறை நீட்டினார்.

“ஒண்ணு போதும்மா. இவங்க அப்பா வீட்டுல இருக்கட்டும். பையன் ஆடுறத ஃபோன்ல எடுத்துக் காட்டிடுறேன்.”

எல்லாரும் அப்படியேதான். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது விற்றது நூற்றுப்பத்து. கையில் ஐம்பத்தையாயிரம்.

தலைவர் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். வியாபாரம் தெரிந்த முகம் வெளுத்திருந்தது.

“எல்லாத்தையும் நூறாக்கிடுங்க. இன்னைக்கே போர்டுல எழுதுங்க.”

“எழுதலாம் சார். ஏற்கெனவே ஐநூறு கொடுத்தவங்க நாளைக்குக் காலையில வரிசையா நிப்பாங்க. ஆளுக்கு நானூறு திருப்பித் தரணும்.”

“கேக்க மாட்டாங்க.”

“நீங்களா இருந்தா கேக்க மாட்டீங்களா?”

அவர் கடையில் தள்ளுபடிக்கு முந்தின நாள் சோபா வாங்கியவர்கள் போட்ட சண்டை ஊருக்கே தெரியும்.

“சரி, திருப்பிக் கொடுத்தே ஆகட்டும். பாஸ் போக நானூத்தி எண்பது சீட்டு. ஒண்ணு விடாம வித்தாலும் நாற்பத்தெட்டாயிரம். செலவு எண்பது. அரங்கம் வழியும், முப்பத்திரண்டாயிரம் நஷ்டம்.” தீர்மானப் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். “அந்த முப்பத்திரண்டு இங்க இருக்கு, சார். உங்க கையெழுத்து ரொம்ப அழகு.”

தலைவர் படித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தீர்மானத்தைக் கடைசி வரி வரை படித்தார்.

“இது... பேச்சுக்குச் சொன்னதும்மா.”

“கை தட்டினாங்களே, சார்.”

அவர் அங்கிருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவர் கடையில் வாங்கியது; ஒரு கால் ஆடும்.

“என்ன பண்ணலாம்?”

“ஐநூறு கொடுத்தவங்களுக்கு முன் நாலு வரிசை. அவங்க கொடுத்ததுக்கு நல்ல இடம் கிடைச்சுதுன்னா யாரும் காசு கேக்க மாட்டாங்க. பின்னால மீதி நானூத்தி எண்பதும் நூத்தைம்பது. வீட்டுல விட்டுட்டு வரலாம்னு நினைச்ச அப்பா, தாத்தா, அக்கா எல்லாம் அப்ப வருவாங்க.”

“அப்ப பாஸ்?”

“நூத்தி இருபதுல நூத்திப்பத்து போச்சு. பத்து இருக்கு. சிறப்பு விருந்தினருக்கும் உங்க வீட்டுக்கும்.”

“என் மச்சான் குடும்பமே பதினாலு பேரு!”

“நூத்தைம்பதுதான், சார். பின்னால நல்லாவே தெரியும்.”

நாலு வரிசையா, முப்பத்திரண்டாயிரமா என்று தலைவர் மனதில் தராசு ஆடியதை அவள் ரசித்துப் பார்த்தாள். மானத்தைவிடப் பணம் கனமாக இருந்தது. அவர் விஷயத்தில் அது அதிசயமில்லை.

புது விலை போர்டில் ஏறிய மறுநாள் அந்தத் தாய் திரும்பி வந்தார். “அவருக்கும் பெரியவளுக்கும் ரெண்டு கொடுங்க. ஆனா நான் முன்னாடி, அவங்க பின்னாடியா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். “இருக்கட்டும். ரெண்டு மணி நேரமாவது நிம்மதியா இருப்பேன்.”

நிகழ்ச்சியன்று பின்னால் இருபத்தைந்து நாற்காலிதான் காலி. மச்சான் குடும்பம் பதினேழாவது வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. செலவு போக நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது.

தலைவர் மேடையேறினார். “இரண்டு விலைத் திட்டம் என் இத்தனை வருட வியாபார அனுபவத்தில் உதித்தது” என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினார். தலைமையாசிரியை தலையாட்டினார். சல்லடை வாசலில் நின்று கிழித்த டிக்கெட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் அவர் அலுவலகத்துக்கு வந்து, கட்டப்போகும் இடத்தில் தன் பெயரைப் பளிங்கில் பொறிக்க வேண்டும் என்றார். என்ன கட்டப்போகிறார்கள் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவில் இல்லை போலிருக்கிறது. அவள் நினைவூட்டவில்லை. பளிங்குச் செலவு அவருடையது என்று மட்டும் எழுதி வாங்கினாள். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று யோசனையும் சொன்னாள்.

இப்போது அந்தப் பெயர் கழிப்பறைக் கதவுக்கு மேலே, தங்க எழுத்தில், தூரத்திலிருந்தே தெரிகிறது. தினமும் பதினோரு மணி இடைவேளையில் அந்தப் பெண் சாய்தளத்தில் நாற்காலியை உருட்டிக்கொண்டு அதன் கீழே நுழைகிறாள். மடியில் ஒரு தண்ணீர் பாட்டில், பாதி குடித்தது.

வெளி அனுமதிப் புத்தகத்தில் மதியக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. சல்லடை அதில் ஒவ்வொரு நாளும் ஒரு சிறு கோடு கிழித்துத் தேதி போடுகிறாள். எதையும் எழுதாமல் விட அவளுக்கு மனம் வராது.