இட்லியின் மேல் மூன்று கரண்டி

1961 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் அண்ணன் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வந்தார். புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்த காலம். ஒரு மாதம் முன்பு நெஞ்சு வலி கண்டதிலிருந்து அவருக்குப் பூரி தடை. காலையில் இட்லி மட்டும்.

இரத்தக் குழாயை இயந்திரத்தில் சுற்றவிட்டு எடுத்தேன். தெளிந்த இளமஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில் பால் நின்றது. கொழுப்பை அள்ளித் தின்ற சில மணி நேரத்தில் எடுத்தால் இப்படி வெளுக்கும்.

“முசே, உங்க அண்ணன் பூரிக்கடை வழியா வந்தாரா?” என்று பிரெஞ்சு மரியாதையோடு என்னிடம் கேட்டார் டாக்டர்.

“இட்லிதான் தின்னேன்” என்றார் அண்ணன்.

“வெறும் வயித்தோட வரச் சொன்னோமே.”

“இட்லியெல்லாம் ஒரு சாப்பாடா, டாக்டர்? காய்ச்சக்காரனுக்குக் குடுக்கறது.”

அவரைத் தனியே அனுப்பிவிட்டுப் பின்னால் வந்து சேர்ந்த அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. “சாரத்துல எங்க அம்மா வூடு இருக்கு. பூரி வேணுமா, நான் வேணுமான்னு முடிவு பண்ணிக்குங்க.” அன்றிலிருந்து அவர் அண்ணனிடம் பேசவில்லை. தட்டை வைப்பார், போய்விடுவார். பெட்டியில் புடவைகளை அடுக்கியும் வைத்துவிட்டார்.

அண்ணன் சொல்வது உண்மையா என்று பார்க்க என் இரத்தத்தையே எடுத்தேன். மூன்று ஞாயிறுகள், வெறும் வயிற்றில் எட்டு மணிக்குச் சாப்பாடு, பதினொன்றுக்கு ஊசி. முதல் வாரம் நான்கு இட்லி, சாம்பார்: குழாய் தெளிவு. அடுத்த வாரம் கல்லில் அளவாக எண்ணெய் விட்ட இரண்டு தோசை: லேசான மங்கல். மூன்றாம் வாரம் கடைப் பூரி நான்கு: பால். எண்ணெயைக் குடித்து உப்புவது பூரி, ஆவியில் வேவது இட்லி, இதில் ஆச்சரியமில்லை. அப்படியானால் அண்ணன் பொய்யர்தான்.

நான்காம் ஞாயிறு அவர் வீட்டுக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி வாய் திறக்காமல் இட்லி வைத்தார், மிளகாய்ப்பொடி வைத்தார், பொடியில் குழி பறித்து நல்லெண்ணெயை ஊற்றினார். மூன்று குழிக்கரண்டி. எனக்கும் அதே அளவு. மிச்சம் வைக்காமல் தின்றேன்.

பதினொன்றுக்கு என் குழாயில் பால்.

அதை எடுத்துக்கொண்டு திரும்பப் போய் அண்ணியிடம் காட்டினேன்.

“இது யாரோடது?”

“என்னுது, அண்ணி. காலைல நீங்க வச்ச இட்லி.”

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “வெறும் இட்லி தொண்டையில எறங்காம அல்லாடறாரேன்னு ஊத்தினேன். நல்லெண்ணெ நல்லதுதானே?”

“நெய், வனஸ்பதி மாதிரி கெடுதல் இல்ல. ஆனா எண்ணெ எண்ணெதான்.”

அண்ணன் செய்தித்தாளை இறக்கவில்லை. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: “சாரத்துக்கு வண்டி வரச் சொல்லட்டா?”

“ஒண்ணும் வேணாம்” என்றார் அண்ணி. பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தார்.

மறுவாரம் அண்ணன் நிஜமாகவே வெறும் வயிற்றோடு வந்தார். குழாய் தெளிவாக இருந்தது. கொலஸ்ட்ரால் மட்டும் கூடுதலாகவே நின்றது. “பால் அன்னன்னிக்குத் தின்னது, இது பல மாசப் பழக்கம், மெதுவாத்தான் எறங்கும்” என்றார் டாக்டர்.

வீட்டில் பொடிக்கு இப்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய்தான். அதையும் அண்ணனே ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்.