இரண்டு பேர் கேட்ட வாக்குமூலம்

தையல் ஆலையில் அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி அக்கா என்பார்கள். தைத்து வந்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, விட்டுப்போன ஒரு தையலைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார். பதினெட்டு வருடம் அதே மேசை. பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் குழுவில் தொழிலாளர் சார்பில் அவரைப் போட்டபோது, "இனி ஆம்பளைங்களையும் தரம் பாத்து ஸ்டிக்கர் ஒட்டுவீங்களாக்கா?" என்று கிண்டல் செய்தார்கள்.

"ஒட்டுனா, பாதிப் பேரு திரும்பி வந்துருவானுங்க" என்றார்.

குழுவில் நான்கு பேர். தலைவியாக அலுவலக மேலாளர் அம்மா, வெளியிலிருந்து ஒரு வக்கீலம்மா, கிடங்குக்காரர், அக்கா. காலர் தைக்கும் பெண் ஒருத்தி தன் மேற்பார்வையாளர் மீது எழுத்தில் புகார் கொடுத்தாள். வரிக்கு வரி எழுத உதவியவர் அக்காதான். அவள் கேட்டுக்கொண்டபடி, விசாரணை முடியும்வரை அவனை வேறு கிளைக்கு மாற்றினார்கள்.

விசாரணை நாளன்று வக்கீலம்மாவுக்குக் காய்ச்சல். கிடங்குக்காரர் விடுப்பு. தலைவி உட்பட மூன்று பேராவது உட்கார வேண்டும் என்பது விதி. இது வந்திருந்த இருவருக்குமே தெரியும்.

"தள்ளி வெச்சிடலாமா?" என்றார் மேலாளர்.

கதவருகே நின்றவள் சொன்னாள்: "அக்கா, இன்னிக்கு விட்டா என்னால வாயத் திறக்க முடியாது."

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்மா, கேட்டுருவோம். மத்தவங்க அப்புறம் படிச்சுக்கட்டும்."

அவள் இரண்டு மணி நேரம் பேசினாள். மறுநாள் அதே இருவர் அவனையும் கேட்டார்கள். அறிக்கையில் நால்வரும் கையெழுத்திட்டார்கள். ஆலை அவனை வேலையை விட்டு நீக்கியது. அவன் மேல்முறையீடு செய்தான். விசாரணையில் இரண்டே பேர் இருந்ததால் அதுவும் செல்லாது, நீக்கமும் செல்லாது, முதலிலிருந்து நடத்துங்கள் என்று உத்தரவு வந்தது. அவன் செய்தானா இல்லையா என்பதை யாரும் தொடவே இல்லை.

அக்கா அவளிடம் விவரம் சொன்னார். "திரும்ப ஒரு தடவ சொல்லணும்மா. இந்தத் தடவ எல்லாரும் இருப்போம்."

"அன்னிக்கு நான் சொன்னதெல்லாம்?"

"கணக்குல வராது."

அவள் அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. மூன்று முறை நாள் குறித்தார்கள். மூன்று முறையும் நான்கு பேரும் வந்து உட்கார்ந்தார்கள், அவள் வரவில்லை. இப்படி வராவிட்டால், விதிப்படி பதினைந்து நாள் எழுத்து மூலம் அவகாசம் கொடுத்துவிட்டு, குழு விசாரணையை முடித்துக்கொள்ளலாம். அந்த அவகாசக் கடிதத்தைத் தபாலில் அனுப்ப அக்கா விடவில்லை. தானே அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மாடிப்படியில் நின்றபடியே அவள் வாங்கிப் படித்தாள்.

"இதுல நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களேக்கா."

"வந்துரு கண்ணு. இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. என்னைத் திட்டிட்டாவது வந்துரு."

"உங்கள எதுக்குக்கா திட்டப் போறேன்? நீங்க ஒருத்தர்தான அன்னிக்குப் பாவம்னீங்க."

பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட்டுக் கொடுத்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். பதினாறாம் நாள் கோப்பை மூடினார்கள்.