சங்கமித்ரா போட்ட ஒன்பது

பயிற்சியாளர் அருள்நாதன் சார் போட்டிருந்த மூன்று மார்க்கைப் பார்த்ததும் சங்கமித்ராவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கோபத்தை அடக்குவதற்குத் தனக்குத்தானே அவள் போட்டுக்கொண்டது பத்துக்கு ஒன்பது. சார் போட்டது வெறும் மூன்று!

"இன்னா சார் இது? அநியாயமா கீது!"

வியாசர்பாடி குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், பெண்கள் கால்பந்து அணியில் டிஃபென்ஸ் ஆடுகிற பதினாறு வயதுப் பெண் அவள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஜெயவேலின் மகள். வீட்டில் குரல் உயர்த்தாமல் பேசினால்தான் அம்மா உடம்புக்கு என்ன என்று கேட்பாள். மாவட்ட அணித் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். அந்த அணியில் அவளுக்கு இடம் வேண்டும். வேறொன்றும் அவள் கண்ணில் படவில்லை.

சார் பயிற்சியாளர் வகுப்புக்குப் போய்வந்து இந்த மார்க் வேலையைக் கொண்டுவந்திருந்தார். நல்ல ஆட்டக்காரிக்கு என்னென்ன வேண்டும் என்று பெண்களையே சொல்லச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் இன்றைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று அவரவரே பத்துக்கு மார்க் போட வேண்டும். அது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் பத்துக்கு ஒரு மார்க். பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதை முக்கியத்தால் பெருக்கினால், எது பெரிதாக வருகிறதோ அதற்குத்தான் முதல் பயிற்சி. சாரும் தனியாகப் போடுவார். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். சங்கமித்ராவின் கணக்கில் முதலில் வந்தது இடது கால். நான்கு மார்க், குறைவு ஆறு, முக்கியம் ஏழு, ஆக நாற்பத்திரண்டு. கோபத்துக்குக் குறைவு ஒன்று, முக்கியம் ஒன்பது, வந்தது வெறும் ஒன்பது. சாரின் கணக்கில் கோபம்தான் அறுபத்துமூன்றோடு தலையில் உட்கார்ந்திருந்தது.

"மணலி மேட்ச்ல நீ நடுவர்கிட்ட சண்டை போட்டுகினு நின்ன. உன் பின்னால கோல் வுழுந்துச்சு. அதான் மூணு" என்றார் சார்.

"எதுக்கு நின்னேன்னு கேட்டீங்களா சார் நீங்க?" அவள் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. மற்றப் பெண்கள் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். "அந்த மணலி டீம்ல ஓரமா விங் ஆடுறவ, வியாசர்பாடின்னா சாக்கடைதானே, மூக்கைப் பொத்திக்கோங்கடின்னா. ஆட்டம் பூரா சொல்லிகினே இருந்தா. என் ஜாதியையும் இழுத்தா. நடுவர்கிட்ட சொன்னேன், அந்தாளு சிரிச்சான் சார்! நான் ஒருத்தியையும் தொடல. கை நீட்டல. அதுக்குத்தான் ஒம்போது. நீங்க அதுக்கு மூணு போடுவீங்களா?"

சார் மார்க் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். சங்கமித்ராவும் விடுகிற ஆளில்லை, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பத்துன்னா உனக்கு இன்னாம்மா?" என்று கேட்டார் சார்.

"அடிக்காம இருக்கறது."

"எனக்குப் பத்துன்னா, விசில் ஊதுன அடுத்த நொடி உன் இடத்துக்கு ஓடுறது. ரெண்டும் ஒண்ணில்ல. உன் ஒம்போது சரிதான். ஆனா கோலும் வுழுந்துச்சே."

அது பொய்யில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். பேனாவைப் பிடுங்கி, கோபம் என்று எழுதியதை அடித்துவிட்டு இரண்டாகப் பிரித்தாள். கை நீட்டாமல் இருப்பது ஒன்பது. விசிலுக்குப் பின் இடத்துக்குத் திரும்புவது மூன்று. அதற்கு முக்கியம் ஒன்பது. அறுபத்துமூன்று முதலில் வந்தது, இடது கால் இரண்டாவது. அதோடு விட்டாளா? கீழே இன்னொரு வரி எழுதினாள்.

"பசங்களுக்காக நடுவர்கிட்ட பேசுறது. இது உங்களுக்கு சார். போடுங்க மார்க்கு."

அவர் இரண்டு போட்டார். அவள் அதை அடித்து ஒன்று போட்டாள்.

அன்றிலிருந்து பயிற்சி ஆட்டத்தில் சார் வேண்டுமென்றே தப்புத் தப்பாக விசில் ஊதினார். ஒவ்வொரு தடவையும் தன் இடத்துக்கு ஓடினாள் சங்கமித்ரா. திட்டுவதை ஓடிக்கொண்டே திட்டினாள்.

தேர்வு ஆட்டத்தில் எதிரணியில் அதே விங் பெண். அதே மூக்குப் பொத்தல். தள்ளிவிட்டதும் அவள்தான், ஆனால் நடுவர் விசில் ஊதியது சங்கமித்ராவுக்கு எதிராக. சங்கமித்ராவுக்கு அவளை ஒரு அறை அறைய வேண்டும்போல இருந்தது. ஆனாலும் தன் இடத்துக்குத் திரும்பி ஓடினாள். வந்த பந்தை இடது காலாலேயே கோட்டுக்கு வெளியே அடித்துத் தள்ளினாள். ஆட்டம் நின்ற அந்த நேரத்தில் சார் கோட்டோரம் வந்து, அந்தப் பெண் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நடுவரிடம் எல்லார் காதிலும் விழக் கத்தினார். நடுவர் அவரை வெளியே போகச் சொன்னார். சார் கத்திக்கொண்டேதான் போனார். விங் பெண்ணையும் கூப்பிட்டு நடுவர் எச்சரித்தார்.

சங்கமித்ராவின் பெயர் மாவட்ட அணியில் வந்தது. மறுவாரம் மறுபடி மார்க். இடத்துக்குத் திரும்புவதற்கு ஏழு போட்டுக்கொண்டாள். சாரின் வரிக்கும் அவளே ஏழு போட்டாள்.

"வெளியவே அனுப்பிட்டாங்களேம்மா, இன்னும் ஒண்ணு ரெண்டு ஏத்தக் கூடாதா?" என்றார் சார்.

"மணலி மேட்ச்லயே பேசியிருந்தீங்கன்னா பத்து போட்டிருப்பேன்" என்றாள் அவள். பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள்.