செல்லம்மா சவர்க்காரம்

ஜப்பான்காரன் வந்த மறுவருடமே மலாயாவின் கோலா பிலாவில் மதார் மைதீனின் சாப்பாட்டுக் கடை மூடிவிட்டது. அரிசியே இல்லாத ஊரில் சாப்பாட்டுக் கடைக்கு என்ன வேலை? மனிதர் சளைக்கவில்லை. தேங்காய் எண்ணெய், சாம்பல் தண்ணீர், உப்பு மூன்றையும் வைத்துச் சவர்க்காரம் காய்ச்ச ஆரம்பித்தார். கட்டியாக இருக்கும், நன்றாக நுரைக்கும். அதன் பெருமையைப் பேசத் தொடங்கினால் அவரை நிறுத்த ஆள் வைக்க வேண்டும்.

ஊரில் வாங்கத்தான் ஆள் இல்லை. ஊர்ச் சந்தையான பாசாரில் எல்லாருமே சவர்க்காரம் காய்ச்சினார்கள். மிச்சம் இருந்தது பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுதான். அங்கேயும் விற்காவிட்டால் மனைவி மெஹர்பானுவும் பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்குக்கும் வழியில்லாமல் நிற்க வேண்டும். ஆனால் தோட்டத்துக்குள் வெளியாள் விற்பதற்குத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசு தலையாட்ட வேண்டும். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துச் செல்லம்மா வேறு அங்கே ஏற்கெனவே சவர்க்காரம் விற்றுக்கொண்டிருந்தாள்.

எழுதிக் கொடுத்தால் வம்பு என்று, தோட்டத்துக்கு மாட்டுவண்டி ஓட்டும் மாயாண்டியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்.

"கிராணி வீட்டுல போய்ச் சொல்லு. செல்லம்மா விக்கிறது சவுக்காரம் இல்ல, சேறு. அவள நிறுத்திட்டு என்னை உள்ள விட்டா கிராணிக்கும் ஒரு பங்கு உண்டுன்னு."

மாயாண்டி நாணயமான ஆள். கொடுத்த சொல்லில் ஒன்றைக் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். அன்றைக்கு அவன் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

"சொல்லிட்டேன் பாய்," என்றான் திரும்பி வந்து. "கிராணி ஆபீஸ்ல இருந்தாரு. வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அடுப்புல சவுக்காரம் காய்ச்சிக்கிட்டு இருந்தாங்க. கிண்டறத நிறுத்திட்டாங்க."

அப்போதுதான் மதார் மைதீனுக்குப் புரிந்தது. கிராணி பெண்சாதி மயிலம்மாள் லயம் லயமாகப் போய்ச் சரக்கு விற்றால் கௌரவம் என்ன ஆவது? காய்ச்சுவது மயிலம்மாள், விற்பது செல்லம்மா. தோட்டத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்த இந்த ரகசியம், வியாபார சூட்சுமம் தெரிந்த மதார் மைதீனுக்கு மட்டும் தெரியாமல் போனது.

"திரும்பப் போ மாயாண்டி. பாய் சொன்னது வேற தோட்டத்துச் செல்லம்மாவன்னு சொல்லு."

"கிராணிக்குப் பங்கு உண்டுங்கறதையும் சேர்த்துத்தானே சொன்னேன் பாய்."

"அப்போ, பாய்க்குக் காய்ச்சல், உளறிட்டாருன்னு சொல்லு."

உள்ளேயிருந்து மெஹர்பானு வந்தாள். "அவங்க மறக்கணுமா, இன்னும் நாலு பேருக்குத் தெரியணுமா? ஒவ்வொரு தடவையும் மாயாண்டி போய் அந்தப் பேச்சையே முதல்ல இருந்து ஆரம்பிப்பான். நீங்களே போங்க லா."

மறுநாள் காலையில் நடந்தே போனார். வழியெல்லாம் மன்னிப்பு ஒன்றைத் தயார் செய்தார். மழை, யுத்தம், பிள்ளைகளின் பசி எல்லாம் அதில் இடம்பெற்றன. கிராணி வீட்டுப் பின்கட்டில் மயிலம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் அற்பமாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"அம்மா, மாயாண்டி சொன்னது நான் சொல்லி அனுப்பினதுதான். உங்க சவுக்காரத்த நான் கண்ணால பார்த்ததில்ல. பார்க்காமலே பழிச்சேன். செல்லம்மா பொழப்பக் கெடுக்கப் பார்த்தேன், உங்க வீட்டுக்காரருக்கு ஆசை காட்டினேன். எல்லாம் தப்பு. இதச் சொல்லத்தான் வந்தேன்." சொல்லிவிட்டுத் திரும்பினார். தோட்டத்தில் விற்பதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதைக் கேட்டால் மன்னிப்பும் வியாபாரமாகிவிடும் என்பது அந்த நேரத்திலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"நில்லுங்க பாய்." அவள் தண்ணீரும் ஒரு துண்டு சவர்க்காரமும் கொண்டுவந்து வைத்தாள். "இப்பப் பார்த்துச் சொல்லுங்க."

தேய்த்தார். கை பிசுபிசுத்தது. நுரையைக் காணோம். சத்தியமாகச் சேறுதான். சவர்க்காரம் என்றால் மதார் மைதீனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"சாம்பல் தண்ணியில காரம் பத்தல. எண்ணெய் அப்படியே நிக்குது. கடைசியில உப்புப் போட்டாத்தான் கட்டியாகும்."

"அப்போ நீங்க சொல்லி அனுப்பினது நெசந்தானே? எதுக்கு மன்னிப்பு?"

"தெரியாமச் சொன்னேன்ல? அப்போ அது பழிச்சொல்லுதான்மா. இன்னைக்குத்தான் நெசமாச்சு."

மயிலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "உப்புக்கு எங்க பாய் போவேன்? நீங்களே காய்ச்சிக் கொண்டாங்க. நம்ம எண்ணெயையும் எடுத்துக்குங்க. ஆனா செல்லம்மாதான் விப்பா. அவ பேர்லதான் போகும்."

அந்த மாதத்திலிருந்து மதார் மைதீன் காய்ச்சினார், செல்லம்மா விற்றாள்; அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒருநாள் லயத்துக் குழாயடியில் ஒரு பெண் சவர்க்காரத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாய், நீங்களும் ஏதோ காய்ச்சறீங்களாமே. எங்க செல்லம்மா சவுக்காரத்தப் பாருங்க. இந்த நுரை உங்களுக்கு வருமா?"

மதார் மைதீன் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"வராதும்மா," என்றார்.