‘யார்?’ என்று கேட்ட சிவப்புப் பென்சில்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். அப்பா அம்மா வைத்ததல்ல. அங்கே வருகிற எந்தக் காகிதமும் அவள் கையில் பாதியாக இளைத்துத்தான் வெளியே போகும் என்பதால் வந்த பெயர். அறிக்கை, அறிவிப்பு, மன்னிப்புக் கடிதம் எல்லாவற்றையும் பதினாறு வருஷமாக அவள்தான் திருத்தினாள்.

திருத்துவதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். முதலில் வாய்விட்டுப் படிப்பாள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை முறிப்பாள். நீளமாக இரண்டு வந்தால் அடுத்தது குட்டியாக இருக்கவேண்டும். எல்லாமே குட்டியாக இருந்தால் ரெண்டை ஒட்டுவாள், இல்லாவிட்டால் மிரட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்பாள். ‘செய்யப்பட்டது’, ‘கூறப்படுகிறது’ என்று எங்கே கண்டாலும் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ‘யார்?’ என்று எழுதுவாள். ஆள் யாரென்று தெரிந்தால்தான் விடுவாள். “முக்காடு போட்ட வாக்கியம் எனக்கு ஆகாது” என்று மேனேஜரிடமே சொன்னவள். அவரும் சிரித்துக்கொண்டார், மனுஷன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெட்டும் இயந்திரத்தில் ஆபரேட்டரின் வலதுகை விரல்கள் நான்கு போயின. அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறவளின் புருஷன் அவன். மறுநாளே விபத்து அறிக்கையின் வரைவு கத்தரியின் மேஜைக்கு வந்தது.

‘பாதுகாப்பு மூடி அகற்றப்பட்டிருந்த நிலையில் இயந்திரம் இயக்கப்பட்டதால் இவ்விபத்து ஏற்பட்டதாகத் தெரிவிக்கப்படுகிறது.’

அடக் கடவுளே, எத்தனை ‘பட்டது’! சிவப்புப் பென்சில் மூன்று முறை ‘யார்?’ என்று கேட்டது. அவள் சும்மா இருக்கவில்லை, எழுந்து போய் சூப்பர்வைசரிடமே கேட்டாள்.

அவர் நாலுபக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். “மேனேஜர்தான்மா. மூடி இருந்தா வேகம் வரலைன்னு ரெண்டு வாரம் முன்னாடியே கழட்டச் சொன்னாரு. அந்தப் பையன் மாட்டேன்னுதான் சொன்னான். என் பேரை எங்கயும் இழுத்துடாதீங்க, புண்ணியமாப் போகும்.”

அவள் எழுதினாள். ‘உற்பத்தியைக் கூட்டுவதற்காக, இரண்டு வாரங்களுக்கு முன் மேலாளர் பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொன்னார். ஆபரேட்டர் மறுத்தார். மேலாளர் கேட்கவில்லை.’ படித்துப் பார்த்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது. மேனேஜரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

மேனேஜர் நிதானமாகப் படித்தார். கோபமே வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“பிரமாதம்மா. எதிர்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு” என்றார். பேனாவை எடுத்தார். ‘மேலாளர்’ என்று இருந்ததை அடித்துவிட்டு ‘ஆபரேட்டர்’ என்று எழுதினார். ‘கழற்றச் சொன்னார்’ என்பதைக் ‘கழற்றினார்’ ஆக்கினார். மற்ற இரண்டு வரியையும் ஒரே கோட்டில் அடித்தார்.

“சார், இது அநியாயம்.”

“யாருன்னு கேட்டது நீதானே? பதில் சொல்லிட்டேன்.”

“அப்ப பழையபடியே ‘அகற்றப்பட்டிருந்தது’ன்னு விட்டுடலாம் சார். உங்க பேரும் வேணாம், அவன் பேரும் வேணாம்.” பதினாறு வருஷம் அடித்து விரட்டியதை இப்போது கெஞ்சிக் கேட்டாள்.

“அதைப் படிச்சா எவனோ ஒளியிறான்னு தெரியும். நீ சொல்லிக்கொடுத்ததுதானே? சாயங்காலம் கேட்ல ஒட்டணும். முடியாதுன்னா சொல்லு, உன் நாற்காலிக்கு ஆள் இருக்கு.”

வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம். படிக்கிற பெண்கள் இரண்டு. திட்டிக்கொண்டே மேஜைக்குத் திரும்பினாள், அவரையும் தன்னையும். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் திருத்தியது நொண்டியடித்தது, காதுக்குப் பொறுக்கவில்லை. பாழாய்ப்போன கை சும்மா இருக்குமா? நீண்ட வாக்கியத்துக்குப் பின்னால், மூச்சு நிற்கும் இடத்தில், தானாகவே ஒரு குட்டி வாக்கியத்தை வைத்தது.

‘உற்பத்தியைக் கூட்டிக் காட்டும் ஆசையில், இரண்டு வாரங்களுக்கு முன் ஆபரேட்டர் பாதுகாப்பு மூடியைத் தாமே கழற்றினார். யாரிடமும் சொல்லவில்லை.’

கேட்டில் நின்று எல்லோரும் ஒரே மூச்சில் படித்தார்கள். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. சூப்பர்வைசர் குனிந்த தலையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து ஆபரேட்டரின் மனைவி வேலைக்கு வந்தாள். வாளியை வைத்துவிட்டு மேஜையருகே நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, மேனேஜர்தான் கழட்டச் சொன்னாருன்னு அவரு என்கிட்ட சத்தியம் பண்ணினாருக்கா. நானும் நம்பினேன். அப்புறம் கேட்ல அதைப் படிச்சேன். எவ்வளவு தெளிவா எழுதியிருக்கு! பொய்யா இருந்தா அப்படி எழுத வருமா? ஆஸ்பத்திரிக்குப் போய், ‘கையையும் தொலைச்சுட்டு என்கிட்டயே பொய் சொல்றியா’ன்னு கேட்டுட்டேன். அதுலேர்ந்து அவரு வாயே திறக்கலைக்கா.”